பஸ்கியை எண்ணும் கேமரா

சுவரில் சாய்த்து வைத்த செல்போனுக்குப் பத்தடி தள்ளி நின்று ஒருவர் பஸ்கி போடுகிறார். அவர் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் திரையில் ஓர் எண் கூடுகிறது. மணிக்கட்டில் பட்டை கிடையாது. உடம்பில் எந்தக் கருவியும் ஒட்டப்படவில்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டாலும் எண்ணிக்கை நிற்பதில்லை. கேமராவில் விழும் காட்சி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த போன் எண்ணிக்கொண்டே போகிறது.

இப்படிப்பட்ட ஆப்களைப் பார்க்கும் பலரும், உள்ளே இருக்கும் செயற்கை நுண்ணறிவு மாடலுக்கு பஸ்கி என்றால் என்னவென்று தெரியும் என்றே நினைக்கிறார்கள். இந்த வகை ஆப்களில் பெரும்பாலும் அந்த மாடலுக்குத் தெரிந்த வேலை வேறு. ஒரு படத்தைக் கொடுத்தால் அதில் தோள் எங்கே, இடுப்பு எங்கே, முழங்கால் எங்கே என்று புள்ளி வைத்துக் காட்டும். அத்தோடு அதன் பொறுப்பு முடிந்துவிடும். அந்தப் புள்ளிகளைப் பார்த்து ‘இதோ ஒன்று முடிந்தது’ என்று சொல்வதற்குத் தனியாகச் சில விதிகள் உண்டு. எவ்வளவு கீழே இறங்கினால் அது பஸ்கி, எவ்வளவு நிமிர்ந்தால் முடிந்ததாகக் கணக்கு என்பதை ஆப்பை உருவாக்கியவர் யோசித்து எண்களாக எழுதி வைத்திருக்கிறார். எண்ணிக்கை சரியாக வருவதும் பிசகுவதும் பெரும்பாலும் அந்த விதிகளைப் பொறுத்தே இருக்கிறது.

பதினேழு புள்ளிகள்

மனித அசைவைப் புரிந்துகொள்ள முழு உடம்பும் தெரிய வேண்டுமா? ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தந்தது. ஒருவரின் மூட்டுகளில் மட்டும் ஒளிரும் புள்ளிகளை வைத்து, மற்றதெல்லாம் இருட்டில் மறையும்படி அவர் படம் பிடித்தார். படம் அசையாமல் நின்றபோது பார்த்தவர்களுக்குச் சிதறிக் கிடக்கும் புள்ளிகள்தான் தெரிந்தன. ஓடத் தொடங்கியதும், யாரோ நடக்கிறார் என்று உடனே கண்டுகொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு புள்ளிகளே போதுமானதாக இருந்தன.

யோஹான்சன் மூட்டில் விளக்கு வைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்தப் புள்ளிகளைச் சாதாரணப் படத்திலிருந்தே மாடல் கண்டுபிடித்துவிடுகிறது. இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவனவற்றில் ஒன்று, 2021 மே மாதம் கூகுள் வெளியிட்ட மூவ்நெட். தொலைவிலிருந்தபடியே பிசியோதெரபி அளிக்கும் இன்க்ளூட்ஹெல்த் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து கூகுள் அதை அறிமுகப்படுத்தியது. வேகத்துக்கு லைட்னிங், துல்லியத்துக்கு தண்டர் என்று அதில் இரண்டு வகை உண்டு.

லைட்னிங் எவ்வளவு சிறிய படத்தைப் பார்க்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இன்றைய போன் கேமராவின் சாதாரண வீடியோவில் ஒரு பிரேமுக்கு இருபது லட்சம் பிக்சல்களுக்கு மேல் இருக்கும். லைட்னிங்குக்குள் போகும்போது அது அகலத்தில் 192, உயரத்தில் 192 என்று சுருக்கப்படுகிறது. மொத்தம் 36,864 பிக்சல்கள். படம் இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் சாதாரண போனிலும் ஒரு நொடிக்கு முப்பது பிரேம்களை அதனால் பார்க்க முடிகிறது. சுருக்குவதால் உடம்பு மிகச் சிறியதாகிவிடக் கூடாது என்பதற்காக, முந்தைய பிரேமில் ஆள் இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் வெட்டி எடுத்து அடுத்த பிரேமில் மாடலுக்குக் கொடுக்கிறார்கள்.

வெளியே வருவது பதினேழு புள்ளிகள். மூக்கு, இரண்டு கண், இரண்டு காது. பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவை இரண்டிரண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் கிடைக்கின்றன. முதல் இரண்டும் படத்தில் அது இருக்கும் இடம். மூன்றாவது, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட நம்பிக்கை மதிப்பு. அந்தப் புள்ளி அங்கேதான் இருக்கிறது என்று மாடல் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதற்கான அளவு.

இந்தப் பட்டியலில் இல்லாததையும் கவனிக்க வேண்டும். பாதத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆகவே குதிகாலைத் தூக்கி நிற்கும் பயிற்சியை இதை வைத்து எண்ணுவது கடினம். கூகுளின் இன்னொரு மாடலான பிளேஸ்போஸ் குதிகால், கால் விரல் உட்பட முப்பத்து மூன்று புள்ளிகளைத் தருகிறது. எந்தப் பயிற்சியை எண்ணப் போகிறோம் என்பதைப் பார்த்துத்தான் மாடலையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

மாடல் எதைப் பார்த்துக் கற்றது என்பதும் முக்கியம். மனிதர்கள் கையால் மூட்டுகளைக் குறித்துவைத்த படங்களே அதற்குப் பாடம். கோகோ என்ற பெயருள்ள படத் தொகுப்பு இத்துறையில் நெடுநாளாகப் பயன்பட்டு வருகிறது. அதில் இருப்பவை பெரும்பாலும் அன்றாட வாழ்க்கைப் படங்கள். உடற்பயிற்சியில் வரும் வளைவுகளும் வேகத்தால் கலங்கிய கை கால்களும் அதில் குறைவு. அதனால் மூவ்நெட்டுக்காக யோகா, உடற்பயிற்சி, நடன வீடியோக்களிலிருந்து இன்னொரு தொகுப்பைத் தயாரித்தார்கள். ஒரே ஆள், ஒரே அறை திரும்பத் திரும்ப வராதபடி ஒரு வீடியோவிலிருந்து மூன்று பிரேம்களுக்கு மேல் எடுக்கவில்லை.

மூன்று புள்ளி, ஒரு கோணம்

பஸ்கியை எண்ணப் பதினேழு புள்ளியும் தேவையில்லை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்ற மூன்று போதும். பக்கவாட்டில் வைத்த கேமராவில், முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஒரு கோடு, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு ஒரு கோடு இழுத்தால், இரண்டுக்கும் நடுவே இருப்பது முழங்கால் கோணம். நேராக நிற்கும்போது அது ஏறத்தாழ 170 டிகிரி. தொடை தரைக்கு இணையாக வரும் அளவுக்கு இறங்கினால் 90-ஐ ஒட்டி வரும்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். படத்தின் இடது மேல் மூலையிலிருந்து வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் பிக்சல்களை எண்ணுவது வழக்கம். ஒருவர் நன்றாக இறங்கியிருக்கும் பிரேமில் இடுப்பு (280, 410), முழங்கால் (400, 430), கணுக்கால் (380, 550) என்று மாடல் சொல்கிறது. முழங்காலிலிருந்து இடுப்புக்குப் போக இடப்பக்கம் 120, மேலே 20 பிக்சல் நகர வேண்டும். கணுக்காலுக்குப் போக இடப்பக்கம் 20, கீழே 120. பள்ளிக்கூடக் கணக்கில் வரும் திசையன் பெருக்கலைப் போட்டால், 120-ஐ 20-ஆல் பெருக்கி வரும் 2,400-இலிருந்து இன்னொரு 2,400 கழிந்து பூஜ்யம் கிடைக்கிறது. பூஜ்யம் என்றால் செங்கோணம், அதாவது 90 டிகிரி. அவரே எழுந்து நிற்கும் பிரேமில் இடுப்பு (372, 308), முழங்கால் (384, 429) என்று மாறுகிறது. கணுக்கால் அதே இடத்தில் இருக்கிறது. இப்போது கோணம் 172.

இந்தக் கணக்கை ஒவ்வொரு பிரேமுக்கும் போட்டால், வீடியோ முழுவதும் ஓர் அலையாக மாறிவிடுகிறது. ஒரு பஸ்கிக்கு மூன்று நொடி என்று வைத்தால், 172-இல் தொடங்கி 90 வரை இறங்கி மறுபடி 172-க்கு ஏறும் தொண்ணூறு எண்கள் கிடைக்கும். இனி எண்ண வேண்டியது அந்த அலையின் பள்ளங்களைத்தான்.

ஒரு கோடு போதாது

பள்ளத்தை எண்ணுவது சுலபம் என்று தோன்றும். 120 டிகிரியில் ஒரு கோடு போட்டு, கோணம் அதற்குக் கீழே போய் மேலே வரும்போதெல்லாம் ஒன்று கூட்டினால் ஆகாதா? முதன்முதலில் இப்படி ஓர் ஆப்பை எழுதுகிறவர்கள் செய்து பார்ப்பது இதைத்தான். பத்துப் பஸ்கிக்குப் பதினாறு என்று எண் வந்து நிற்கும்.

காரணம், மாடல் வைக்கும் புள்ளிகள் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. ஆள் சிலையாக நின்றாலும் முழங்கால் புள்ளி பிரேமுக்கு பிரேம் சில பிக்சல் நகரும். கோணமும் அதோடு ஆடும். ஒருவர் இறங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்தடுத்த பிரேம்களில் 128, 123, 119, 121, 118, 112 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரே சீராகத்தான் இறங்குகிறார். ஆனால் 119-இல் கோட்டுக்குக் கீழே போய், 121-இல் மேலே வந்துவிட்டதால் அங்கேயே ஒன்று எண்ணப்பட்டுவிடும். உண்மையில் எழும்போது இன்னொன்று. ஒரு பஸ்கிக்கு இரண்டு.

இதற்குத் தீர்வு, கோட்டை இரண்டாக்குவது. கீழே 100 டிகிரியில் ஒன்று, மேலே 160-இல் ஒன்று. ஆப் ‘மேலே’, ‘கீழே’ என்ற இரண்டு நிலைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. ‘மேலே’ என்ற நிலையில் இருக்கும்போது கோணம் 100-க்குக் குறைந்தால் நிலை ‘கீழே’ என்று மாறும். ‘கீழே’ இருக்கும்போது கோணம் 160-ஐத் தாண்டினால் மட்டும் நிலை ‘மேலே’ என்று மாறும். அந்தக் கணத்தில்தான் எண் ஒன்று கூடும். இடைப்பட்ட அறுபது டிகிரிக்குள் கோணம் எப்படி ஆடினாலும் எதுவும் நடக்காது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் இதே ஏற்பாடுதான்: ஒரு வெப்பநிலையில் மோட்டார் ஓடத் தொடங்கும், அதைவிடக் குறைவான இன்னொரு வெப்பநிலையில் நிற்கும், இரண்டும் ஒன்றாக இருந்தால் மோட்டார் நிமிடத்துக்குப் பலமுறை நின்று நின்று ஓடும்.

இந்த இரண்டு கோடுகள் இன்னொரு வேலையையும் செய்கின்றன. ஒருவர் 125 டிகிரி வரை மட்டும் இறங்கி எழுந்துவிட்டால் எண் கூடாது, ஏனென்றால் நிலை ‘கீழே’ என்று மாறவே இல்லை. கீழே போனவர் 150 வரை மட்டும் எழுந்து மறுபடி உட்கார்ந்தால், அந்த இரண்டு இறக்கமும் சேர்ந்து ஒன்றாகவே எண்ணப்படும். அரைகுறைப் பஸ்கிகளைத் தள்ளிவிடத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

ஆட்டத்தை அடக்குவது

இரண்டு கோடுகள் சிறிய ஆட்டத்தைத் தாங்கும். பெரிய துள்ளலைத் தாங்காது. ஒரே ஒரு பிரேமில் மாடல் முழங்காலை எங்கோ தவறாக வைத்துவிட்டால், 140-இல் இருந்த கோணம் திடீரென்று 90 ஆகிவிடும். நிலை ‘கீழே’ என்று மாறிவிடும். பாதி இறங்கித் திரும்பியவருக்கு முழு எண் கிடைத்துவிடும்.

ஆகவே புதிய அளவை அப்படியே நம்பாமல், பழைய அளவோடு கலந்து பார்க்கிறார்கள். வழக்கமான ஒரு விகிதம், புதியதில் பத்தில் மூன்று பங்கு, பழையதில் ஏழு பங்கு. இதன்படி பழைய அளவு 140, புதிய அளவு 90 என்றால், கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவது 27-உம் 98-உம் சேர்ந்த 125. துள்ளல் நூறுக்குக் கீழே போகவே இல்லை. அடுத்த பிரேமில் புள்ளி சரியான இடத்துக்குத் திரும்பியதும் கோணமும் படிப்படியாகத் திரும்பிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. கலந்து பார்ப்பதால் ஆப் உண்மையை விட இரண்டு பிரேம் அளவுக்குப் பின்தங்கி நிற்கும். பள்ளங்களின் அடியும் சற்று மேலே தூக்கப்பட்டுவிடும். மூன்று நொடி எடுக்கும் பஸ்கியில் இது தெரியாது. கயிறு தாண்டும் பயிற்சியில் நிலைமை வேறு. ஒரு நொடிக்கு மூன்று முறை குதிப்பவரை, நொடிக்குப் பத்து பிரேம் மட்டும் பார்க்கும் பழைய போன் எண்ண முயன்றால், ஒரு குதிப்புக்கு மூன்று பிரேம்தான் கிடைக்கும். அதையும் கலந்துவிட்டால் அலையே தட்டையாகிவிடும். வெளிச்சம் குறைந்த அறையில் இது இன்னும் மோசமாகும்: கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் அதிக நேரம் ஒளியைச் சேர்ப்பதால் கை கால்கள் கலங்கித் தெரியும், பிரேம் எண்ணிக்கையும் குறையும்.

நம்பிக்கை மதிப்பு பயன்படுவது இந்த இடத்தில்தான். மூன்று புள்ளிகளில் ஏதேனும் ஒன்றின் மதிப்பு 0.3-க்குக் கீழே போனால் அந்தப் பிரேமைக் கணக்கில் சேர்க்காமல், நிலையை அப்படியே வைத்திருப்பது நல்ல வழக்கம். ஒரு நாற்காலியின் கால் கணுக்காலைக் கொஞ்ச நேரம் மறைத்தாலும் எண்ணிக்கை கெடாது. ஓரிரு நொடிகளுக்கு மேல் புள்ளியே தெரியவில்லை என்றால், பாதியில் நின்ற பஸ்கியை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது பாதுகாப்பு. புடவையோ வேட்டியோ கட்டியவரின் முழங்கால் கேமராவுக்குத் தெரிவதே இல்லை. துணியின் மடிப்பை வைத்து மாடல் ஊகிக்கிறது. அப்போது நம்பிக்கை மதிப்பும் இறங்கும், கோணமும் அலையும்.

எல்லாத் தவறையும் இந்த மதிப்பு காட்டிக்கொடுக்காது. லைட்னிங் ஒரு நேரத்தில் ஒரே ஆளைத்தான் பார்க்கும். படத்தின் நடுவுக்கு அருகில் இருப்பவரைத் தேர்ந்தெடுக்கும். பயிற்சி செய்பவருக்கு முன்னால் வேறொருவர் நடந்து போனால் பதினேழு புள்ளிகளும் அவர்மேல் தாவிவிடக் கூடும். ஒவ்வொன்றும் உயர்ந்த நம்பிக்கையோடுதான் இருக்கும். ஒரு பிரேமிலிருந்து அடுத்ததற்குள் இடுப்பு மனிதரால் நகர முடியாத தூரம் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதன் மூலம் இதைப் பிடிக்கலாம்.

கேமரா நிற்கும் இடம்

பக்கவாட்டில் வைத்த கேமரா ஒரு காலைத் தெளிவாகக் காட்டும். மறுகால் அதன் பின்னால் மறைந்துவிடும். மறைந்த காலுக்கும் மாடல் புள்ளி வைக்கும். சில நேரம் இடது காலையும் வலது காலையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லும். ஆகவே தொடங்கும்போது இரண்டு பக்கத்தின் நம்பிக்கை மதிப்புகளையும் கூட்டிப் பார்த்து, அதிகம் வரும் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தச் சுற்று முடியும்வரை அதிலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு பிரேமிலும் பக்கம் மாற்றினால் கோணம் துள்ளும்.

கேமராவை நேர் எதிரே வைத்தால் பிரச்சினை வேறு விதம். உட்காரும்போது தொடை கேமராவை நோக்கி நீள்கிறது. தட்டையான படத்தில் அந்த நீளம் சுருங்கி, இடுப்பு முழங்காலுக்குச் சற்று மேலேயே தெரியும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்பதால், உண்மையான கோணம் 90-ஆக இருந்தாலும் படத்தில் அளக்கும்போது அதைவிட மிகப் பெரிதாக வரும். பயிற்சி செய்பவர் தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்கினாலும் எண் பூஜ்யத்திலேயே நிற்கக் கூடும்.

இதற்குக் கோணத்தை விட்டுவிட்டு உயரத்தை அளப்பது மேல். இடுப்புக்கும் கணுக்காலுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரத்தை நிற்கும்போது ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு பார்த்த உதாரணத்திலேயே நிற்கும்போது அது 550-இலிருந்து 308 கழித்த 242 பிக்சல், இறங்கியபோது 140. விகிதம் 0.58. பிக்சலை நேராக வைக்காமல் விகிதமாக மாற்றுவதால், ஆள் கேமராவுக்கு அருகில் நின்றாலும் தள்ளி நின்றாலும் ஒரே கோடுகள் செல்லும். இடையில் அவர் முன்னால் வந்துவிட்டால் மட்டும் மறுபடி அளக்க வேண்டும்.

இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்திருக்கும். பிளேஸ்போஸை இயக்கும் மீடியாபைப், புள்ளியின் இடத்தை பிக்சலாகத் தருவதில்லை. குறுக்கு இடத்தைப் படத்தின் அகலத்தாலும், நெடுக்கு இடத்தை உயரத்தாலும் வகுத்துத் தருகிறது. நிமிர்த்தி வைத்த போனில் படம் அகலத்தில் 720, உயரத்தில் 1,280 என்றால், வகுத்த எண்களை அப்படியே கோணக் கணக்கில் போடுகிறவருக்குக் குறுக்குத் தூரம் பெரிதாகிக் காட்டும். கீழ்க்கால் செங்குத்தாகவும் தொடை சாய்வாகவும் இருந்து, உண்மையில் 135 டிகிரி இருக்கும் முழங்கால், இந்தக் கணக்கில் 119 என்று வரும். நேராக நின்றால் பெரிய வித்தியாசம் இருக்காது, முழுதாக உட்கார்ந்தாலும் இருக்காது. நடுவில் மட்டும் தவறும். அதனால் பரிசோதிப்பவர் எளிதில் கவனிப்பதில்லை. அகலத்தாலும் உயரத்தாலும் திரும்பப் பெருக்கிவிட்டுக் கோணத்தைக் கணக்கிட்டால் பிழை போய்விடும்.

பஸ்கி அல்லாத அசைவுகள்

முழங்கால் கோணத்தை மட்டும் பார்க்கும் ஆப்புக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் பஸ்கிதான், தோப்புக்கரணமும் பஸ்கிதான். நடுவில் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குந்தி எழுந்தாலும் ஒன்று கூடும். மூன்று புள்ளிகளுக்கு அப்பால் உடம்பு என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது.

மீடியாபைப் குழு இதற்குக் காட்டிய வழி, கோணத்தை விட்டு முழு உடல் நிலையையும் ஒப்பிடுவது. முதலில் பயிற்சியின் இரு முனைகளுக்கும், அதாவது நிற்கும் நிலைக்கும் உட்கார்ந்த நிலைக்கும், பலவகை ஆட்களின் மாதிரிப் படங்களைச் சேகரிக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் மூட்டுகளுக்கு இடையே உள்ள தூரங்களை, உடம்பின் அளவால் வகுத்துக் குறித்து வைக்கிறார்கள். புதிய பிரேம் வந்ததும், சேகரிப்பில் அதற்கு மிக நெருக்கமான பத்து மாதிரிகளை எடுத்து, அவற்றில் எத்தனை ‘உட்கார்ந்த நிலை’ என்று பார்க்கிறார்கள். அந்த எண்ணிக்கை ஆறைத் தாண்டினால் நிலைக்குள் நுழைந்ததாகவும், நாலுக்குக் கீழே இறங்கினால் வெளியேறியதாகவும் கணக்கு. இங்கேயும் கோடு ஒன்றல்ல, இரண்டு. வெளியேறும்போது எண் கூடுகிறது. பஸ்கிக்கும் தண்டாலுக்கும் இந்த முறையை அவர்கள் உதாரணமாக வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்த முறையில் கோணங்களைக் கையால் எழுத வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, மாதிரிப் படங்கள் சரியாக அமைய வேண்டும். எல்லாப் படமும் பக்கவாட்டிலிருந்து எடுத்தவை என்றால், எதிரே வைத்த கேமரா குழம்பும். எல்லோரும் இளைஞர்கள் என்றால், பாதி மட்டுமே இறங்கும் முதியவரின் பஸ்கி எந்த மாதிரிக்கும் நெருங்காது.

பிழையைக் கண்டுபிடிக்கும் முறை

ஓர் ஆப் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க, இருபது பஸ்கி போட்டு இருபது என்று காட்டுகிறதா என்று பார்ப்பது போதாது. இரண்டை விட்டுவிட்டு, இல்லாத இரண்டைக் கூட்டியிருந்தாலும் விடை இருபதுதான். எனவே வீடியோவைப் பதிவு செய்து, ஒவ்வொரு பஸ்கியும் எந்த நொடியில் முடிந்தது என்று ஒருவர் கையால் குறிக்க வேண்டும். ஆப் எண்ணிய நொடிகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விட்டது எத்தனை, கூட்டியது எத்தனை என்று தனித்தனியே தெரியும்.

பிழை எங்கே என்று தெரிந்ததும், அந்த இடத்தில் கோணத்தின் அலையை வரைந்து பார்ப்பதே சிறந்த வழி. பள்ளம் சீராக இறங்கி 104-இல் திரும்பியிருந்தால், புள்ளிகளில் குற்றமில்லை. கோடு அந்த ஆளுக்குக் கடுமையாக இருக்கிறது. அலை முழுவதும் கூர்மையான முட்களாக இருந்தால், புள்ளிகள் ஆடுகின்றன. வெளிச்சத்தையும் துணியையும் கலக்கும் விகிதத்தையும் பார்க்க வேண்டும். அலை நடுவில் அறுந்திருந்தால் உடம்பின் ஒரு பகுதி மறைந்திருக்கிறது, அல்லது பாதம் படத்துக்கு வெளியே போயிருக்கிறது. அலை அழகாக இருந்தும் பள்ளங்கள் ஆழமில்லாமல் இருந்தால், பெரும்பாலும் கேமரா எதிரே நிற்கிறது. திரையில் தெரியும் எண் நான்கையும் ஒரே மாதிரித்தான் காட்டும். அலைதான் வேறுபடுத்திக் காட்டும்.

எது ஒன்று?

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். மூட்டு வலியுள்ள எழுபது வயதுக்காரர் 115 டிகிரி வரைதான் இறங்க முடிகிறது. அவர் பன்னிரண்டு முறை இறங்கி எழுகிறார். 100 என்று கோடு போட்ட ஆப் அவருக்குப் பூஜ்யம் காட்டுகிறது. புள்ளிகள் சரி, கணக்கு சரி, அவர் செய்த பயிற்சியும் அவர் உடம்புக்குச் சரி.

இதற்கு வழி, கோட்டை ஆளுக்கேற்றபடி போடுவது. முதல் மூன்று முறை அவர் இறங்குவதை எண்ணாமல் பார்த்து, மிகக் குறைந்த கோணமும் மிக அதிகக் கோணமும் என்னவென்று ஆப் குறித்துக்கொள்ளலாம். குறைந்தது 115, அதிகம் 170 என்றால் இடைவெளி 55. அதில் கால் பங்கு மேலே ஏறினால் 129, அது கீழ்க்கோடு. முக்கால் பங்கில் 156, அது மேல்கோடு. இப்போது அவருடைய பன்னிரண்டும் எண்ணப்படும்.

ஆனால் இதே ஏற்பாட்டை ஆழமாக இறங்கக்கூடிய ஒரு வீரருக்குக் கொடுத்தால், முதல் மூன்றைச் சோம்பலாகச் செய்துவிட்டு மீதியையும் அப்படியே முடிக்க வழி கிடைத்துவிடும். பிசியோதெரபி செய்பவருக்கு நோயாளி அசைந்தாரா என்பது வேண்டும்; பயிற்சியாளருக்கு முழு ஆழம் தொட்டாரா என்பது வேண்டும். ஒரே எண்ணால் இருவருக்கும் பதில் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு பஸ்கியின் மிகக் குறைந்த கோணத்தையும் எண்ணோடு சேர்த்துச் சேமித்து வைக்கும் ஆப், வெறும் எண்ணை மட்டும் வைத்திருப்பதைவிட அதிகம் பயன்படும். பன்னிரண்டில் ஒன்பது 118-க்குக் கீழே, கடைசி மூன்று 127-ஐ ஒட்டி என்று அது காட்டினால், அடுத்த வாரம் எத்தனை கொடுக்கலாம் என்பதை பிசியோதெரபி செய்பவர் அதைப் பார்த்து முடிவு செய்யலாம். அதற்கு வீடியோவைச் சேமிக்கவே வேண்டியதில்லை; பன்னிரண்டு எண்கள் போதும்.